வாடகை மெஷினா, சொந்த மெஷினா?

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை போட வேண்டும் என்று முடிவு செய்தவரிடம் முதலில் வந்து நிற்பவர் மெஷினை வாடகைக்கு விடுபவர்தான். அவர் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “மாசம் ஐயாயிரம்தாண்ணே. டோனர், சர்வீஸ், ஸ்பேர் எல்லாம் நம்ம பொறுப்பு. நீங்க பேப்பர் மட்டும் போட்டாப் போதும்.” இன்னொரு பக்கம் விற்பனைக்காரர், “ஐயாயிரம் வாடகைன்னா மூணு வருஷத்துல மெஷின் காசே கட்டிடுவீங்களே, சொந்தமா வாங்கிடுங்க” என்பார். இருவர் சொல்வதிலும் பொய் இல்லை. ஆனால் ஒருவர் டோனரோடு சேர்த்துப் பேசுகிறார், மற்றவர் டோனரை விட்டுவிட்டுப் பேசுகிறார். அதனால்தான் இருவர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாமல் போகிறது.

மெஷினின் ஆயுள் முழுவதும் கையிலிருந்து வெளியே போகும் பணத்தை மட்டும் இரண்டு வழிக்கும் எழுதிப் பார்ப்பது ஒன்றே நேர்மையான ஒப்பீடு. எந்த ஆண்டில் எவ்வளவு போகிறது, கடைசியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று எழுதினால் போதும். பேப்பர், மின்கட்டணம், கடை வாடகை, ஆள் சம்பளம் ஆகியவை இரண்டு வழியிலும் ஒன்றுதான். அவற்றைச் சேர்த்தால் தாள் நிரம்புமே தவிர விடை மாறாது. ஆடிட்டர் எழுதும் தேய்மானமும் இங்கே வேண்டாம். தேய்மானம் என்ற பெயரில் யாருக்கும் யாரும் பணம் கொடுப்பதில்லை. கொடுத்தது மெஷின் வாங்கிய அன்றைக்கு, வாங்குவது அதை விற்கும் அன்றைக்கு. இந்த இரண்டையும் எழுதினாலே தேய்மானம் கணக்குக்குள் வந்துவிடுகிறது.

வரியைப் பற்றிக் கேட்பீர்கள். வரவில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாக வைத்து வருமான வரி கட்டும் முறையில் இருக்கும் சிறு கடைக்காரருக்கு வாடகையும் கழிவு இல்லை, தேய்மானமும் தனிக் கழிவு இல்லை. அவர் இதை விட்டுவிடலாம். ஜி.எஸ்.டி. அப்படி அல்ல. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத கடை, வாடகை பில்லில் வரும் 18 சதவீதத்தைத் திரும்பப் பெற முடியாது. அது அவருக்கு முழுச் செலவு. வாடகைக்காரர் வாயால் சொல்லும் ஐயாயிரத்தில் இந்த வரி பெரும்பாலும் இருப்பதில்லை.

இனி ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். தொகைகள் நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள், போடும் முறை மாறாது.

கடையில் மாதம் சராசரி 12,000 காப்பி ஓடுகிறது. பட்டா, சிட்டா, ஆதார், சாதிச் சான்றிதழ் என்று கறுப்பு வெள்ளைக் காப்பிகள்தான். ஏ3 வரை எடுக்கும் புது மெஷின் வரியோடு 1,60,000 ரூபாய். டோனர் ஒரு காப்பிக்கு 20 காசு வீதம் ஆண்டுக்கு 28,800 ரூபாய். ஸ்பேரும் சர்வீஸும் சீராக வராது. முதல் ஆண்டு வாரண்டி இருப்பதால் 3,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டில் டிரம்மும் பிளேடும் மாற்ற 10,000. மூன்றாம் ஆண்டில் டிரம், டெவலப்பர், பியூசர் மூன்றும் சேர்ந்து வருவதால் 22,000. நான்காம் ஆண்டு 18,000, ஐந்தாம் ஆண்டு 25,000. ஐந்து ஆண்டு முடிவில் மெஷின் ஏழு லட்சம் காப்பியைத் தாண்டியிருக்கும். அதை 20,000 ரூபாய்க்குத் தள்ளிவிடலாம். எல்லாம் கூட்டி, விற்ற காசைக் கழித்தால் ஐந்து ஆண்டில் வெளியே போவது 3,62,000 ரூபாய்.

வாடகை வழியில் மாதம் 5,000 ரூபாய். அதற்குள் 8,000 காப்பி எடுக்கலாம். அதற்கு மேல் காப்பிக்கு 40 காசு. நம் கடையில் கூடுதலாக 4,000 காப்பி ஓடுவதால் இன்னும் 1,600 ரூபாய். வரியையும் சேர்த்தால் மாத பில் 7,788 ரூபாய். இதோடு டெபாசிட் 20,000, கடைசியில் திரும்ப வரும். ஐந்து ஆண்டில் போவது 4,67,280 ரூபாய். ஐயாயிரம் என்று பேசியது ஏறக்குறைய எட்டாயிரமாகிவிட்டதைக் கவனியுங்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் சொந்த மெஷின் ஒரு லட்சத்துக்குச் சற்று மேலேயே மிச்சம். பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் வாங்குகிறவர் 1,60,000 ரூபாயை இன்றைக்கே எடுத்து வைக்கிறார், வாடகைக்காரருக்கோ அதே பணம் மாதாமாதம் சிறுகச் சிறுகப் போகிறது. கடைக்காரருக்குப் பணத்தின் விலை என்ன என்று கேட்காமல் இந்த இரண்டையும் கூட்டிக் கழிக்கக் கூடாது.

பணத்தின் விலையைச் சொல்ல நம் கடைத்தெருவில் பேச்சு வழக்கே இருக்கிறது. ஒரு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீதம். பேங்க் கடன் ஏறக்குறைய இந்தப் பக்கம் கிடைக்கலாம். இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24. பத்திரம் எழுதிக் கைமாற்றாக வாங்குவது இந்த இடத்தில் வரும். ஒரு வட்டிக்குப் பணம் கிடைப்பவருக்கு, ஐந்தாம் ஆண்டு முடிவில் கொடுக்க வேண்டிய 100 ரூபாய் இன்றைக்குக் கொடுக்கும் 57 ரூபாய்க்குத்தான் சமம். இரண்டு வட்டிக்காரருக்கு அதே 100 ரூபாய் 34 ரூபாய்தான்.

இந்த முறையில் ஒவ்வோர் ஆண்டுச் செலவையும் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டிப் பார்த்தேன். கணக்கு எளிதாக இருக்க, ஆண்டுச் செலவெல்லாம் ஆண்டு முடிவில் போவதாக வைத்துக்கொண்டேன். ஒரு வட்டியில், சொந்த மெஷினுக்கு 3,04,400 ரூபாய், வாடகைக்கு 3,45,500. ஒரு லட்சம் மிச்சம் என்று தெரிந்தது 41,000 ஆகச் சுருங்கிவிட்டது. இரண்டு வட்டியில், சொந்தம் 2,68,850, வாடகை 2,69,750. ஆயிரம் ரூபாய் கூட வித்தியாசம் இல்லை. அதாவது அதே கடை, அதே மெஷின், அதே காப்பி, ஆனால் பேங்க் கடன் கிடைப்பவருக்கு வாங்குவது லாபம், கைமாற்று வாங்குபவருக்கு இரண்டும் ஒன்று. மூன்று வட்டி கொடுப்பவர் வாடகைக்குத்தான் போக வேண்டும். யாரோ ஒருவர் வாங்கிப் போட்டு நன்றாக இருக்கிறார் என்பதைப் பார்த்து இன்னொருவர் முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. மெஷினைத் தவணையில் எடுப்பவர்கள் 1,60,000 என்ற இடத்தில் முன்பணத்தையும் மாதத் தவணைகளையும் எழுதி, அதற்கு மேல் கடன் வட்டி என்று தனியாக ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். தவணைக்குள் வட்டி ஏற்கெனவே இருக்கிறது. ஒரே வட்டியை இரண்டு முறை கட்டிய மாதிரி ஆகி, வாங்குவது கட்டுப்படியாகாது என்று தப்பாகத் தோன்றும்.

ஐந்து ஆண்டு என்று நான் சுலபமாக எழுதிவிட்டேன். கடை ஐந்து ஆண்டு ஓடுமா? தாலுகா அலுவலகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினால், கடை உரிமையாளர் காலி செய்யச் சொன்னால், என்ன ஆகும்? அதனால் அதே தொகைகளை வைத்து, எத்தனை ஆண்டில் கடையை மூடினால் எது நல்லது என்றும் பார்க்க வேண்டும். இதை வட்டி சேர்க்காமலே போடுகிறேன், புரிவதற்கு அதுவே போதும்.

ஓர் ஆண்டில் மூடினால், வாங்கியவர் கொடுத்தது 1,91,800, வாடகைக்கு எடுத்தவர் கொடுத்தது 93,456. வாங்கியவர் தோற்காமல் இருக்க மெஷின் 98,000 ரூபாய்க்கு மேல் விலை போக வேண்டும். ஓராண்டு ஓடிய மெஷினுக்கு அந்த விலையை நம்பி இறங்க முடியாது. இரண்டு ஆண்டில் மூடினால் சுமார் 44,000 கிடைத்தால் போதும், அது நடக்கக் கூடியது. மூன்று ஆண்டில் மூடினால் வெறும் 1,000 ரூபாய். அதாவது மூன்றாம் ஆண்டு முடிவில் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டாலும் வாங்கியவருக்கு நஷ்டமில்லை. விற்பனைக்காரர் சொன்ன அந்த மூன்று வருஷம் கடைசியில் சரியாகத்தான் வருகிறது, காரணம்தான் வேறு. ஆக, ஒன்றரை இரண்டு ஆண்டு வரை கடை நிற்கும் என்று உறுதி இல்லாதவர் வாடகைக்குப் போவதும், அதற்கு மேல் நிற்கும் என்று நம்புபவர் வாங்குவதும் நியாயமான முடிவுகள்.

வாடகை ஒப்பந்தத்தில் ‘இத்தனை காப்பி வரை வாடகைக்குள்’ என்ற வரி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் குணம் புரியும். 1959-இல் அமெரிக்காவின் ஹாலாய்ட் ஜெராக்ஸ் நிறுவனம் 914 என்ற மெஷினைக் கொண்டுவந்தது. அதை விலை கொடுத்து வாங்க அலுவலகங்கள் தயங்கும் என்று தெரிந்து, மாதம் 95 டாலர் வாடகைக்கு விட்டார்கள். அதற்குள் 2,000 காப்பி இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் சில சென்ட் கட்டணம். மெஷின் உள்ளே வந்துவிட்டால் 2,000 காப்பியோடு யாரும் நிற்க மாட்டார்கள் என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு. அது பலித்தது. மெஷினுக்குள் இருக்கும் கவுண்டரும், மாதாமாதம் ரீடிங் எடுக்க வரும் பையனும் அன்று தொடங்கிய வழக்கத்தின் வாரிசுகள்.

இந்த வரி நம் ஊர்க் கடையை வேறு விதத்தில் கடிக்கிறது. அலுவலகத்தில் காப்பி சீராக ஓடும். கடையில் அப்படி ஓடாது. பள்ளி, கல்லூரிச் சேர்க்கை மாதங்களில் வரிசை நிற்கும், மற்ற மாதங்களில் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். நம் கடையிலேயே ஆண்டுக்கு 1,44,000 காப்பிதான், ஆனால் மூன்று மாதம் 36,000 வீதமும் ஒன்பது மாதம் 4,000 வீதமும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி அதே 12,000. ஆனால் ஒன்பது மாதமும் 8,000-க்குக் காசு கட்டி 4,000 மட்டும் எடுக்கிறார். மூன்று மாதம் 28,000 காப்பிக்கு 40 காசு கட்டுகிறார். ஆண்டு பில் வரியோடு ஏறக்குறைய 17,000 ரூபாய் கூடிவிடுகிறது. பேசும்போது சராசரியைச் சொல்லிப் பேசியதால் வந்த வினை இது. மாதத்துக்கு 8,000 என்பதற்குப் பதில் ஆண்டுக்கு 96,000 என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். ஒத்துக்கொள்பவர்களும் உண்டு. சொந்த மெஷினில் இந்தத் தொல்லையே இல்லை, ஓடாத மாதம் டோனரும் தீராது.

அதே ஒப்பந்தத்தில் கவுண்டர் எப்படிக் கூடும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏ3 ஒரு தாள் எடுத்தால் பல மெஷின்களில் இரண்டு என்று ஏறும். இரு பக்கமும் அடித்தாலும் இரண்டு. கறுப்பாகிப்போன காப்பியும் வாடிக்கையாளர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்ததும் உங்கள் கணக்கில்தான். எலி வயரைக் கடித்தால், வோல்டேஜ் எகிறி போர்டு போனால் யார் பொறுப்பு என்பதை வாய்ப்பேச்சில் விடக் கூடாது. ‘சர்வீஸ் நம்ம பொறுப்பு’ என்பதற்குள் அது அடங்குவதில்லை என்று போர்டு போன பிறகுதான் பலருக்குத் தெரியவரும்.

இனி ஆயுளைப் பற்றி. காப்பி மெஷினின் வயதை வருஷத்தில் சொல்வது வழக்கமே தவிர, அது காப்பியில்தான் தேய்கிறது. மாதம் 4,000 ஓடும் கடையில் ஐந்து ஆண்டு தாண்டியும் நிற்கும் மெஷின், 30,000 ஓடும் கடையில் இரண்டே ஆண்டில் ஓய்ந்துவிடும். அதனால்தான் ஸ்பேர் செலவை ஆண்டுக்கு இவ்வளவு என்று போடாமல் எத்தனை காப்பிக்கு ஒரு முறை டிரம் மாறும், எத்தனைக்கு ஒரு முறை பியூசர் மாறும் என்று கேட்டுப் போட வேண்டும். நாம் போட்ட கணக்கில் ஸ்பேர் காப்பிக்குச் சுமார் 11 காசு. டோனரின் 20 காசைச் சேர்த்தால் 31 காசு. வாடகையில் கூடுதல் காப்பிக்குக் கேட்கும் 40 காசும் அதன் மேல் வரியும் எவ்வளவு லாபத்தை உள்ளே வைத்திருக்கின்றன என்று இப்போது பார்க்கலாம். காப்பி கூடக் கூட வாங்கியவர் பக்கம் தராசு சாய்வது இதனால்தான்.

பழைய மெஷின் வாங்கலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். வெளிநாட்டு அலுவலகங்களில் ஓடி ஓய்ந்து, இங்கே வந்து புதுப்பிக்கப்பட்ட மெஷின்கள் பாதிக்கும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. 65,000 ரூபாய்க்கு ஒன்று கிடைக்கிறது, இன்னும் மூன்று ஆண்டு ஓடும் என்று வைப்போம். டோனர் அதே. ஸ்பேர் முதல் ஆண்டிலிருந்தே 18,000, பிறகு 24,000, பிறகு 30,000. கடைசியில் 8,000-க்குப் போகும். மூன்று ஆண்டில் மொத்தம் 2,15,400. ஆண்டுக்கு 71,800. புது மெஷினின் ஐந்தாண்டுச் செலவை ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 72,400. கிட்டத்தட்ட ஒன்றுதான். பழைய மெஷினில் மிச்சமாவது கையில் போட வேண்டிய முதல் மட்டும்தான், ஓட்டும் செலவில் மிச்சமில்லை. முதல் இல்லாதவருக்கு அதுவே பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் பழைய மெஷினின் மூன்றாண்டுச் செலவைப் புது மெஷினின் ஐந்தாண்டுச் செலவோடு நேராக வைத்து, பாதி விலைக்குக் கிடைத்தது என்று மகிழ்வது கணக்கில் சேராது.

பழையதை வாங்கும்போதும், வாடகைக்கு வருவது பழையதாக இருக்கும்போதும் (வருவது அனேகமாகப் பழையதுதான்), இறக்கி வைத்தவுடன் மொத்தக் கவுண்டர் எண்ணைத் தாளில் அடித்து வாங்கித் தேதி போட்டு வையுங்கள். பிறகு கறுப்பு நிறைய உள்ள ஒரு தாளைப் பத்து இருபது காப்பி எடுத்துப் பாருங்கள். எழுத்தைப் பெருவிரலால் அழுத்தித் தேய்க்கும்போது கறை விரலில் ஒட்டினால் பியூசரில் சூடு போதவில்லை. தாளின் நீளவாக்கில் மெல்லிய கோடு விடாமல் வந்தால் பிளேடு அல்லது டிரம் தேய்ந்திருக்கும், ஸ்கேன் செய்யும் கண்ணாடியில் அழுக்கு ஒட்டியிருந்தாலும் கோடு வரும் என்பதால் முதலில் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். ஒரே புள்ளி சம இடைவெளி விட்டு விட்டு வந்தால், அந்த இடைவெளியை ஸ்கேலால் அளக்கலாம். அது உள்ளே உருளும் ஏதோ ஒன்றின் சுற்றளவு. 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் என்றால் 94 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி விழும், டிரம்மில் கீறல் இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் சாம்பல் பூத்தது போல இருந்தால் டெவலப்பர் முடிகிற நிலையில் இருக்கிறது. இவற்றில் எது இருந்தாலும் முதல் ஆண்டு ஸ்பேர் செலவை அந்த நிமிஷமே கூட்டி எழுதிவிட வேண்டும், அல்லது விலையில் குறைக்கச் சொல்ல வேண்டும்.

மெஷின் நின்றுபோகும் நாளையும் பணமாக எழுதலாம். மாதம் 26 நாள் கடை திறந்தால் நாளைக்குச் சுமார் 460 காப்பி. காப்பிக்கு 2 ரூபாய் வாங்கி, பேப்பரும் டோனரும் போகக் கையில் ஒன்றேகால் ரூபாய் நிற்கும் என்றால் ஒரு நாள் நின்றால் 575 ரூபாய் போச்சு. ஆண்டுக்குப் பத்து நாள் நின்றால் 5,750. சொந்த மெஷின்காரர் இதைத் தன் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாடகைக்காரருக்கு இது மிச்சம் என்று எழுத வேண்டுமானால், இத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் மாற்று மெஷின் தருவேன் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கும் அதே பத்து நாள்தான், வாடகை மட்டும் நிற்காமல் ஓடும்.

இத்தனை கணக்கிலும் ஆட்டம் காணும் எண் ஒன்று உண்டு. அது மாதம் எத்தனை காப்பி ஓடும் என்பது. கடை திறப்பதற்கு முன் அதை யாராலும் சொல்ல முடியாது. ஆகையால் புதுக் கடைக்காரர் முதலில் வாடகைக்கு எடுப்பதில் தவறே இல்லை, ஆறு மாதத்துக்கு மேல் கட்டாயமில்லை என்று எழுதி வாங்கிவிட்டால். பல ஒப்பந்தங்களில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு முன் மெஷினைத் திருப்பினால் டெபாசிட் கிடைக்காது, மீதி மாத வாடகையும் கேட்பார்கள். ஆறு மாத பில்லையும் சேர்த்து வைத்தால் அதிலேயே மாதவாரியாக ரீடிங் இருக்கும். அந்த ஆறு எண்களை எடுத்துக்கொண்டு, பேங்க் என்ன வட்டிக்குத் தரும் என்று கேட்டுக்கொண்டு, மேலே போட்ட கணக்கை மறுபடி போட ஒரு மாலைப் பொழுது போதும்.